ஒரு மாங்காய்க்கு 16 புள்ளி: பிள்ளைகளுக்கு ஆன்லைனில் ஸ்கிராட்ச் சொல்லிக்கொடுப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறேன். சனிக்கிழமை காலை 10 மணிக்கு, வீட்டு மேசையில் உட்கார்ந்தபடி ஆறு பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச் நடத்துகிறேன். பிளாக் எனப்படும் கட்டளைத் துண்டுகளை இழுத்து ஒட்டிப் பிள்ளைகளே விளையாட்டு உருவாக்கும் நிரல்மொழி அது. இரண்டு பேர் ஃபீனிக்ஸ், ஒருத்தி டோங்காட், மற்றவர்கள் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள். எல்லாரும் கிரேடு 4 முதல் 6 வரை படிப்பவர்கள். தாத்தா பாட்டி காலத்தில் வீட்டில் தமிழ் இருந்தது. இப்போது பிள்ளைகள் பேசுவது ஆங்கிலம்தான். அதனால் வகுப்பும் ஆங்கிலத்தில், திரையில் பிளாக்குகளும் ஆங்கிலத்தில். ஊரிலிருந்து சமீபத்தில் இங்கே வந்து, தன் பிள்ளைக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதே மாதிரி ஒரு வகுப்பு தொடங்க நினைக்கிற ஒரு தோழி விவரம் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஆறு வாரம், ஒரே ஒரு விளையாட்டு. மேலிருந்து மாங்காய் விழும், கீழே கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். வாரம் ஒரு புதுத் திட்டம் என்று முதலில் நடத்திப் பார்த்தேன். பிள்ளைகளிடம் பாதியில் நின்ற ஆறு வேலைகள் சேர்ந்தன, பெற்றோரிடம் காட்ட முடிந்தது ஒன்றுகூட இல்லை. புதிர் மாதிரி ஒவ்வொரு படியாகத் தாண்டிப் போகிற கருவிகளும் இருக்கின்றன. முதல் இரண்டு நாள் பிளாக் பிடித்துப் பழக அவை நல்லவை. ஆனால் அங்கே எல்லாப் பிள்ளைகளின் விடையும் ஒன்றுதான், கடைசியில் "இது நான் செய்தது" என்று காட்ட எதுவும் மிஞ்சாது. எம்.ஐ.டி.யில் உருவாகி 2007-ல் வெளிவந்த ஸ்கிராட்ச்சை நான் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

வகுப்புக்கு முந்தைய வாரம்

முதல் விஷயம் மௌஸ். நிஜமாகவே சொல்கிறேன், ஸ்கிராட்ச் வகுப்பு முதல் நாளே சொதப்புவதற்குப் பெரிய காரணம் மௌஸ் இல்லாததுதான். ஒன்பது வயதுப் பிள்ளை லேப்டாப் டச்பேடில் ஒரு பிளாக்கை அழுத்திப் பிடித்து இழுத்து, இன்னொன்றின் அடியில் சரியாக ஒட்ட வைப்பது பெரும்பாடு. விரல் நழுவும், பிளாக் நடுவழியில் விழும், பிள்ளைக்கு அழுகை வரும். பெற்றோருக்கு அனுப்பும் முதல் செய்தியிலேயே "வயர் உள்ள சாதாரண மௌஸ் ஒன்று வாங்கி வையுங்கள், விலை உயர்ந்தது வேண்டாம்" என்று எழுதிவிடுகிறேன்.

போனில் ஸ்கிராட்ச் செய்யலாமா என்று கேட்பார்கள். முடித்த விளையாட்டைப் போனில் ஆடலாம், உருவாக்குவதற்கு அந்தத் திரை போதாது. டேப்லட் ஓரளவு பரவாயில்லை.

அடுத்தது கணக்கு. ஸ்கிராட்ச்சில் ஆசிரியர் கணக்கு என்று தனியாக ஒன்று உண்டு. விண்ணப்பித்து அனுமதி வரக் காத்திருக்க வேண்டும், ஆகவே ஒரு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். அது கிடைத்தால் பிள்ளைகளுக்கு நீங்களே கணக்கு உருவாக்கலாம். பிள்ளைக்கென்று தனி மின்னஞ்சல் தேவையில்லை. கடவுச்சொல்லை மறந்தால் (மறப்பார்கள்) நீங்களே மாற்றிக் கொடுக்கலாம். பயனர்பெயரில் பிள்ளையின் நிஜப் பெயர், பள்ளிப் பெயர், பிறந்த வருடம் எதுவும் வரக்கூடாது. நான் பழங்களின் பெயரும் ஒரு எண்ணும் வைக்கிறேன். யாருக்கு எந்தப் பழம் என்பது என் நோட்டில் மட்டும் இருக்கும்.

மின்சாரம் பற்றியும் சொல்ல வேண்டும். 2022, 2023-ல் இங்கே லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு வாட்டி எடுத்தபோது வந்த பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை. இணையத்தில் உள்நுழைந்து செய்தால் ஸ்கிராட்ச் தானே சேமித்துக்கொள்ளும். கணினியில் நிறுவிய செயலியில் செய்தால் சேமிக்காது. ஒரு சனிக்கிழமை திடீரென்று கரண்ட் போய், பேட்டரி இல்லாத மேசைக் கணினிகளில் இரண்டு பிள்ளைகளின் ஒரு மணி நேர வேலை காணாமல் போனது. அன்றிலிருந்து ஒரு விதி: பாதி வகுப்பில் ஒரு தடவை, முடியும்போது ஒரு தடவை, எல்லாரும் `File` போய் `Save to your computer` அழுத்த வேண்டும். `.sb3` என்று முடியும் சின்னக் கோப்பு வரும். அதை வாட்ஸ்அப்பில் ஆவணமாக எனக்கு அனுப்பிவிடுவார்கள். இணையம் இல்லாத வாரத்திலும் அந்தக் கோப்பை வைத்துப் பிள்ளை செயலியில் வேலையைத் தொடரலாம்.

டேட்டா செலவைப் பற்றிக் கேட்கிற வீடுகளுக்கு: கேமராவை அணைத்துவிட்டுத் திரை, குரல் மட்டும் வைத்தால் செலவு நன்றாகக் குறையும். நான் முதல் மூன்று நிமிடம் மட்டும் எல்லாரும் முகம் காட்டச் சொல்கிறேன், பிறகு அணைத்துவிடுவோம். பிள்ளையின் முகத்தைவிட அவன் திரைதான் எனக்கு முக்கியம்.

நாற்பது நிமிடம்

ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு அதுவே நல்ல அளவு என்று தெரிந்தது. பத்து வயதுப் பிள்ளை திரை முன்னால் அதற்கு மேல் உட்கார்ந்தால் நாற்காலியோடு சுற்ற ஆரம்பித்துவிடும்.

தொடங்கும் முன் இரண்டு அமைப்புகளைச் சரிபாருங்கள். ஒன்று, பிள்ளைகளும் திரை பகிர அனுமதி. அது நடத்துபவருக்கு மட்டும் என்று இருந்தால் பாதி வகுப்பு "ஆன்ட்டி, எனக்கு வரல" என்பதிலேயே போகும். இரண்டு, திரைமேல் எழுதும் வசதியை மூடிவிடுங்கள். என் முதல் வகுப்பில் ஆறு பேரும் என் திரைமேல் பேனாவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிளாக் ஒன்றும் தெரியவில்லை, ஸ்கிராட்ச்சைத் திறந்தாலே நிற்கும் பூனை மட்டும் மீசையோடு தெரிந்தது.

நான் பேசிக் காட்டுவது பத்து நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம் ஓடினாலும் அது டிவி பார்ப்பது மாதிரிதான். பிறகு இருபது நிமிடம் அவர்கள் செய்ய வேண்டும், ஒவ்வொருவராகத் திரை பகிர்வார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது ஒருவர் தன் வேலையைக் காட்டுவார். மீதி, வணக்கம் சொல்லவும் மைக்கை அணைக்கவும் போய்விடும்.

அந்த இருபது நிமிடத்தில்தான் சொல்லிக்கொடுப்பதே நடக்கிறது. ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டால் அவன் மௌஸை நான் தூரத்திலிருந்து வாங்கிச் சரிசெய்ய மாட்டேன். ஜூமில் அதற்கு வசதி உண்டு, அதைத் தொடுவதில்லை. "மேலிருந்து கீழே ஒவ்வொரு பிளாக்காகச் சத்தமாக வாசி" என்பேன். பாதித் தவறுகள் வாசிக்கும்போதே பிள்ளைக்குத் தெரிந்துவிடும், நாக்கு நிற்கும், "ஓ" என்பான். விளையாட்டை ஓட விடுவது ஒரு பச்சைக் கொடி. மீதிப் பாதிக்கு அடுத்த கேள்வி அதை வைத்துத்தான்: "கொடியை அழுத்தினால் என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்? அழுத்தாமல் சொல்." சொன்ன பிறகு அழுத்தச் சொல்வேன். நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று என்றால் அந்த இடைவெளியில்தான் தவறு உட்கார்ந்திருக்கிறது.

ஒரு சின்ன உதவிக்குறிப்பு: பிளாக்கைப் பெயரால் மட்டும் தேடச் சொல்லாதீர்கள், நிறத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். "இளம் ஆரஞ்சில் `forever`", "நீலத்தில் `change y by`". எழுத்துக் கூட்டிப் படிக்கும் வேகம் குறைந்த பிள்ளைகூட அப்போது பின்தங்காது. பகிர்ந்த திரையில் பிளாக்குகள் எறும்பு மாதிரித் தெரிந்தால் பிளாக் அடுக்கும் இடத்தின் வலது கீழ்மூலையில் உள்ள கூட்டல் குறியை இரண்டு தடவை அழுத்தச் சொல்லுங்கள்.

முதல் இரண்டு வாரம்: கூடை, அப்புறம் மாங்காய்

ஸ்கிராட்ச்சின் மேடை அகலம் 480, உயரம் 360. நட்டநடு பூஜ்யம். வலது ஓரம் x 240, இடது ஓரம் -240, மேலே y 180, கீழே -180. இதை வரைபடம் போட்டு விளக்கினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். பூனையைக் கையால் இழுத்து மூலையில் வைக்கச் சொல்லி, கீழே எண் மாறுவதைப் பார்க்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். கழித்தல் எண் பள்ளியில் இன்னும் வராத பிள்ளைக்கு "நடுவுக்குக் கீழே போனால் முன்னால் ஒரு கோடு வரும்" என்பது போதும்.

கூடையை அம்புக்குறி விசைகளால் நகர்த்தத்தான் எல்லாப் பிள்ளைகளும் ஆசைப்படுவார்கள். நான் வேண்டுமென்றே மௌஸைப் பின்தொடர வைக்கிறேன்:

```
when green flag clicked
set y to (-140)
forever
  set x to (mouse x)
end
```

காரணம் ஆறாவது வாரத்தில் இருக்கிறது. விளையாட்டை ஆடிப் பார்க்கப்போவது போன் வைத்திருக்கும் அம்மாவும், ஆயா என்று பிள்ளைகள் கூப்பிடும் பாட்டியும். போனில் அம்புக்குறி விசை கிடையாது. மௌஸைப் பின்தொடரும் கூடை விரலையும் பின்தொடரும். முதல் தடவை இதை யோசிக்காமல் விட்டேன். ஆறு வீட்டிலும் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு "ஏதோ கெட்டுப்போச்சு போல" என்று மூடிவிட்டார்கள்.

படம் வரைவது அடுத்த பொறி. ஸ்கிராட்ச்சின் படத் தொகுப்பில் ஆப்பிள் இருக்கிறது, கிண்ணம் இருக்கிறது. முதல் மூன்று வாரம் ஆப்பிளையே மாங்காய், கிண்ணத்தையே கூடை என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் நாளே வரைய விட்டால் நாற்பது நிமிடமும் மாங்காய்க்குப் பச்சை எந்தப் பச்சை என்பதில் கழிந்துவிடும். நான்காம் வாரம் வரையலாம். வரையும்போது மாங்காய் தாளின் நடுக்குறியின் மேல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஓரத்தில் வரைந்தால் ஸ்கிராட்ச் நினைக்கும் இடம் வேறு, கண்ணில் தெரியும் இடம் வேறு.

மூன்றாம் வாரம்: 16 புள்ளி

ஆறு வாரத்தில் நான் ஆவலோடு காத்திருப்பது இந்த வாரத்துக்குத்தான். மாங்காய் விழுகிறது, கூடை நகர்கிறது, இனி புள்ளி எண்ண வேண்டும். நான் ஒன்றும் காட்டாமல், "கூடையைத் தொட்டால் ஒரு புள்ளி கூட்டு" என்று மட்டும் சொல்வேன். ஏறக்குறைய எல்லாரும் எழுதுவது இது, இதில் `v` என்பது பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் அம்புக்குறி:

```
when green flag clicked
set [score v] to (0)
go to x: (0) y: (180)
forever
  change y by (-5)
  if <touching (Bowl v) ?> then
    change [score v] by (1)
  end
  if <(y position) < (-170)> then
    go to x: (pick random (-220) to (220)) y: (180)
  end
end
```

படித்துப் பார்த்தால் ஒரு தவறும் தெரியாது. ஓட விட்டால் முதல் மாங்காய் விழுந்த உடனே புள்ளி 16, 17 என்று நிற்கும். டோங்காட் பிள்ளை, ஒன்பது வயது, "ஆன்ட்டி, என் கம்ப்யூட்டர் எனக்கு ஃப்ரீயா மார்க் போடுது" என்றாள். மற்ற ஐந்து பேருக்கும் பொறாமை.

இங்கே அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள். நான் ஒரு தாளைக் கேமரா முன் காட்டி, கூடையையும் மேலே ஒரு மாங்காயையும் வரைந்தேன். "மாங்காய் கூடையை எந்த y-ல் தொட ஆரம்பிக்கிறது?" மாங்காயை இழுத்து வைத்துப் பார்த்தார்கள், ஏறக்குறைய -90. "எப்போது மேலே திரும்பிப் போகிறது?" -170 தாண்டிய பிறகு. "நடுவில் எவ்வளவு தூரம்?" 80. "ஒரு தடவைக்கு எவ்வளவு இறங்குகிறது?" 5. அப்போது ஃபீனிக்ஸ் பையன் ஒருவன் மைக்கைத் திறந்து, "எய்ட்டி டிவைடட் பை ஃபைவ்" என்றான். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. "ஸிக்ஸ்டீன்!"

ஆக, கணினி ஏமாற்றவில்லை. `forever` ஒரு நொடிக்கு ஏறக்குறைய முப்பது தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் "தொடுகிறதா?" என்று கேட்கிறது. மாங்காய் கூடைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்போது பதில் ஒவ்வொரு தடவையும் "ஆமாம்"தான். நாம் கேட்க நினைத்தது "இப்போதுதான் தொட்டதா?", எழுதியது "தொட்டுக்கொண்டிருக்கிறதா?"

இனி சரிசெய்வது. பிள்ளைகள் முதலில் முயல்வது, புள்ளிக்குக் கீழே `wait (1) seconds` போடுவது. போடட்டும். அப்போது மாங்காய் கூடைக்குள் ஒரு நொடி உறைந்து நிற்கும், 5 இறங்கும், மறுபடி ஒரு புள்ளி, மறுபடி உறையும். மாடிப்படி இறங்குவது மாதிரி இருக்கும், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நோயின் வேகம் குறைந்ததே தவிர நோய் போகவில்லை என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும். பிறகு கேட்பேன்: "கூடையில் விழுந்த மாங்காய் எங்கே போக வேண்டும்?" மேலே. அப்படியானால் புள்ளி கூட்டிய மறுகணமே அதை மேலே அனுப்பிவிடு:

```
if <touching (Bowl v) ?> then
  change [score v] by (1)
  go to x: (pick random (-220) to (220)) y: (180)
end
```

ஒரே வரிதான் கூடியது. தொட்ட மறுகணமே மாங்காய் அங்கே இல்லை, அடுத்த சுற்றில் பதில் "இல்லை". ஒரு மாங்காய்க்கு ஒரு புள்ளி.

இதே வாரம் இன்னொரு தவறும் வரும். சில பிள்ளைகள் -170-க்குப் பதில் -200 என்று எழுதுவார்கள், "திரைக்கு வெளியே போகட்டும்" என்ற நல்ல எண்ணத்தில். மாங்காய் அடியில் ஒட்டிக்கொண்டு திரும்பி வராது. ஸ்கிராட்ச் எந்த உருவத்தையும் முழுதாக மேடைக்கு வெளியே போக விடாது, ஓரத்தில் கொஞ்சம் தெரியும்படி பிடித்து வைத்துக்கொள்ளும். சின்ன மாங்காயின் y -185 சுற்றிலேயே நின்றுவிடும், -200 என்ற நிபந்தனை என்றைக்கும் உண்மையாகாது. இடது பக்கத்தில் நீல நிற `y position` பிளாக்கின் பக்கத்தில் உள்ள சின்னப் பெட்டியை டிக் செய்தால் எண் மேடையிலேயே தெரியும். பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத எண்ணை மேடையில் காட்ட வைப்பது, நான் சொல்லிக்கொடுத்ததிலேயே அவர்கள் பிறகும் தாமாகச் செய்கிற ஒரே பழக்கம்.

நான்காம் வாரம் வரைதல். ஐந்தாம் வாரம் ஒவ்வொருவரும் ஒரே ஒரு மாற்றம் தாமாகச் செய்ய வேண்டும்: மூன்று உயிர், முப்பது நொடிக் கடிகாரம், அழுகின மாங்காய் விழுந்தால் புள்ளி குறைவது, இப்படி ஏதாவது. ஒன்றுக்கு மேல் அனுமதி இல்லை.

பெற்றோருக்கு என்ன எழுதுவது

வகுப்பு முடிந்த அன்று மாலைக்குள், ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக வாட்ஸ்அப்பில் மூன்று வரி. நான் ஆங்கிலத்தில் அனுப்புவதன் தமிழ் இப்படி இருக்கும்:

"இன்று தேஷன் மாங்காய் கூடையில் விழுந்தால் புள்ளி கூடும்படி செய்தான். ஒரு மாங்காய்க்கு 16 புள்ளி வந்தது, ஏன் என்று 80-ஐ 5-ஆல் வகுத்துத் தானே கண்டுபிடித்தான். வீட்டில் அவனிடம் கேளுங்கள்: 'wait போட்டால் ஏன் சரியாகவில்லை?'"

முதல் வரி செய்தது, இரண்டாவது மாட்டிக்கொண்ட இடம், மூன்றாவது வீட்டில் கேட்க ஒரு கேள்வி. "நன்றாகச் செய்தான், கெட்டிக்காரன்" என்று நான் எழுதுவதில்லை. அப்படி எழுதினால் அம்மா ஒரு தம்ஸ்-அப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். கேள்வி இருந்தால் சாப்பாட்டு மேசையில் பேச்சு வரும். கணினி தெரியாத அப்பாகூட அதைக் கேட்கலாம், பதில் சரியா என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

குழுவில் போடுவது நேரம், இணைப்பு, விடுமுறை மட்டும். இது பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு தடவை ஒரு பிள்ளையின் விளையாட்டைப் பெயரோடு குழுவில் போட்டேன். அன்று இரவே இரண்டு வீட்டிலிருந்து "எங்கள் பிள்ளை பின்தங்கிவிட்டாளா?" என்று போன். அடுத்த வாரம் அதில் ஒரு பிள்ளை அற்புதமான விளையாட்டோடு வந்தாள். வாசிக்கச் சொன்னேன், மூன்றாவது பிளாக்கிலேயே நின்றுவிட்டாள். அண்ணன் செய்து கொடுத்திருந்தான். பெரியவர் கை பட்டது இப்படித்தான் தெரியும்: பிளாக்குகள் சீராக இருக்கும், பிள்ளையால் வாசிக்க முடியாது. அவளைக் குறை சொல்லவில்லை. "அழகா இருக்கு, இதில் உனக்குப் புரிந்த ஒரு துண்டை மட்டும் உன் பழைய விளையாட்டில் சேர்ப்போமா?" என்றேன். சேர்த்தாள்.

ஆறாம் வாரம்: காட்டுவது

முதலில் அனுமதி. இங்கே தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழு அமலில் இருக்கிறது. எல்லாரும் பாப்பியா என்பார்கள். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும். சட்டத்துக்காக மட்டுமில்லை, மரியாதைக்காகவும் மூன்று தனித்தனிக் கேள்வி அனுப்புகிறேன்: விளையாட்டை இணையத்தில் பகிரலாமா, நிகழ்ச்சியில் பிள்ளையின் முகமும் குரலும் வரலாமா, அதைப் பதிவு செய்யலாமா. மூன்றுக்கும் ஒரே "ஓகே" வாங்காதீர்கள். முதலாவதற்குச் சரி, மூன்றாவதற்கு வேண்டாம் என்கிற வீடு உண்டு. ஒரு வீடு வேண்டாம் என்றால் பதிவே செய்வதில்லை. பிள்ளை தன் புகைப்படத்தை விளையாட்டில் உருவமாக வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், ஐந்தாம் வாரத்தில் ஒருவன் தங்கச்சி முகத்தை மாங்காயாக்கி வைத்திருந்தான். பகிர்ந்த விளையாட்டின் உள்ளே யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

பகிர்வதில் ஒரு நுணுக்கம். பிள்ளை `Share` பொத்தானை அழுத்தாத வரை அந்த இணைப்பு அவன் கணக்கில் உள்நுழைந்திருந்தால் மட்டும் திறக்கும். அவனுக்குத் தெரிகிறதே என்று அனுப்பிவிடுவான், ஆயாவுக்குத் திறக்காது. அதனால் முந்தின நாள் மாலை ஆறு இணைப்பையும் என் போனில், உள்நுழையாமல், திறந்து ஆடிப் பார்க்கிறேன். கூடவே ஒவ்வொரு விளையாட்டையும் முப்பது நொடி திரைப்பதிவு எடுத்து வைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு எந்த வீட்டில் கரண்ட் போனாலும், இணையம் படுத்தாலும், பிள்ளை போனில் பேசட்டும், நான் படம் காட்டுகிறேன்.

ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம். ஒரு நிமிடம் ஆடிக் காட்ட வேண்டும், ஒரு நிமிடம் "எது வேலை செய்யவில்லை, எப்படிச் சரிசெய்தேன்" என்று சொல்ல வேண்டும், ஒரு நிமிடம் கேள்விக்கு. நடுவில் உள்ள அந்த ஒரு நிமிடம்தான் நிகழ்ச்சியே. மற்றபடி ஆறு மாங்காய் விளையாட்டை அடுத்தடுத்துப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்? ஒருத்தி 16-ஐச் சொல்வாள், இன்னொருவன் ஒட்டிக்கொண்ட மாங்காயைச் சொல்வான், மூன்றாமவன் உயிர் மூன்றும் ஒரே நேரத்தில் போனதைச் சொல்வான். (அதுவும் 16-ன் தம்பிதான்.) திரை பகிரும்போது `Share sound` டிக் செய்யவில்லையென்றால் பிள்ளை ஆசையாகப் பதிவு செய்த சத்தம் யாருக்கும் கேட்காது. கூச்சப்படுகிற பிள்ளையை நடுவில் வையுங்கள், முதலாகவும் வேண்டாம், கடைசியாகவும் வேண்டாம்.

எல்லாரும் காட்டி முடித்ததும் இணைப்புகளைக் குழுவில் போட்டு, "இப்போது நீங்கள் ஆடுங்கள், பத்து நிமிடம்" என்றேன். சாட்ஸ்வொர்த் பிள்ளை ஒருத்தியின் ஆயா தன் போனில் பச்சைக் கொடியை அழுத்தி ஆட ஆரம்பித்தார். விரல் போவதற்குள் மாங்காய் தரையைத் தொட்டுவிடுகிறது. நான்கு தடவை ஆடி, நான்கிலும் பூஜ்யம். "வேகமா விழுதும்மா, கண்ணே தெரியல" என்றார்.

பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. தன் திரையை இன்னும் பகிர்ந்துகொண்டுதான் இருந்தாள், எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. `change y by (-5)` பிளாக்குக்குப் போனாள், 5-ஐ அழித்து 2 போட்டாள். மேலிருந்து கீழே வர இரண்டரை நொடி எடுத்த மாங்காய்க்கு இப்போது ஆறு நொடி ஆனது. சேமித்தாள். "ஆயா, மறுபடி லிங்க்கைத் திறங்க" என்றாள். இந்தத் தடவை ஆயாவுக்கு 7.